சின்னம்மாவின் கணவாய்க் கறி: 1 நிமிடம் 52 செக்கன் 20 செக்கனான கதை

நண்டுக் கறி வீடியோவின் வரைபடத்தை யூடியூப் ஸ்டூடியோவில் பார்த்த அன்றே அடுத்த வீடியோவை இப்படி விடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். பார்க்கத் தொடங்கிய 100 பேரில் 30ஆவது செக்கனில் 41 பேர்தான் மிச்சம். மற்றவர்கள் சின்னம்மா வணக்கம் சொல்லி முடிக்கும் முன்பே எழும்பிப் போய்விட்டார்கள். நண்டு சட்டிக்குள் விழுந்தது மூன்றாவது நிமிடத்தில்.

கணவாய்க் கறி வீடியோ எடுத்து இரண்டு கிழமையாகப் போனிலேயே கிடந்தது. ஏற்றிவிட்டால் பிறகு அதே இணைப்பில் வேறு கோப்பை மாற்றிப் போட முடியாது, தொடக்கத்தை வெட்டத்தான் முடியும். அதனால் ஏற்ற முன்பே அறிமுகத்தைச் சரிசெய்யலாம் என்று இருந்தேன். சின்னம்மாவின் பேச்சை எடுத்துவிட்டு மேலே என் குரலை வைப்பது, 20 செக்கனுக்கு மேல் ஒரு செக்கனும் போகக்கூடாது. இதுதான் திட்டம்.

முதல் வேலையாக அவர் பேசிய 1 நிமிடம் 52 செக்கனையும் ஒரு சொல் விடாமல் கொப்பியில் எழுதினேன். அலுப்பான வேலை. ஆனால் காதால் கேட்கும்போது தெரியாதது எழுத்தில் தெரிந்தது. வணக்கம், எல்லாரும் சுகமா, நிலாவெளிப் பக்கம் நேற்று அடித்த மழை, உப்புவெளியில் வலை இழுக்கிற இடத்திலேயே கணவாய் வாங்கினது, வாங்கப் போன இடத்தில் பழைய பள்ளிக்கூடத் தோழியைக் கண்டது, அந்தத் தோழியின் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது, பெல் பட்டனை அமத்துங்கோ, திரும்பவும் மழை. 1 நிமிடம் 21 செக்கனில், அகப்பையைத் தேடிக்கொண்டே, கமராவைப் பார்க்காமல் சொல்கிறார்: "ரெண்டு நிமிசத்தில எடுக்கோணும், இல்லாட்டி முக்கால் மணித்தியாலம் விடோணும். நடுவில நிண்டா ரப்பர்."

முழு வீடியோவின் சரக்கும் அந்த மூன்று வரிதான். கணவாய்ச் சதை சூடு பட்டவுடன் இறுகத் தொடங்கும். இறுகிமுடிய முன்பு இறக்கினால் மெத்தென்று இருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால், நெடுநேரம் மெல்லிய நெருப்பில் விட்டு, சதைக்குள் இருக்கும் சவ்வு கரைந்து இளகும்வரை காத்திருக்க வேண்டும். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் வேகவிட்டு நல்லாய் அவிந்துவிட்டது என்று இறக்குபவர்கள்தான் பல்லோடு மல்லுக்கட்டுகிறார்கள். சின்னம்மா குழம்பைத் தனியாகக் கொதிக்கவைத்து, தேங்காய்ப்பால் சேர்த்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கணவாயைப் போடுவார். அது வீடியோவில் தெளிவாக இருக்கிறது. அங்கே போக ஆள் மிஞ்சினால்தானே.

மூன்று வரியையும் வைத்து முதல் வரைவு எழுதினேன். எழுத உட்கார்ந்ததும் கைக்குப் பள்ளிக்கூடக் கட்டுரைத் தமிழ் வந்துவிட்டது. முதல் வாக்கியம் இது: "நம்மில் பலருக்கு கணவாய்க் கறி சமைக்கும்போது அது ரப்பர் போல் கடினமாகிவிடும் பிரச்சினை இருக்கின்றது." வாசித்துப் பார்த்தேன், 33 செக்கன் வந்தது. வீடியோ வெட்டும் கப்கட் செயலியில் வேகத்தைக் கூட்டி 20க்குள் அடக்கினால் கொழும்பு பஸ் கொண்டக்டர் ஊர்ப்பெயர் கூவுவது போல இருந்தது. அது சரிவராது.

இங்கேதான் மூன்று இரவு போனது. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று எல்லோரும் சொல்லும் கணக்கு தமிழுக்கு உதவாது. "நிப்பாட்டினாத்தான்" என்பதும் ஒரு சொல், "மை" என்பதும் ஒரு சொல். ஆகவே எழுத்தை எண்ணத் தொடங்கினேன். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் ஒவ்வொன்றாக எண்ணுவது. ஒரு பத்திரிகைப் பந்தியை மூன்று தரம் என் சாதாரண வேகத்தில் வாசித்து மணிக்கூட்டைப் பார்த்தேன், மூச்சு விடும் இடைவெளியையும் சேர்த்து நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 300 வந்தது. அப்படியானால் செக்கனுக்கு 5, 20 செக்கனுக்கு 100. உங்கள் வாய்க்கு வேறு எண் வரும், நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

மேலே உள்ள கட்டுரை வாக்கியத்தில் 37 எழுத்து. கையிருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதல் வாக்கியமே விழுங்கிவிட்டது. அதையே வீட்டில் பேசுவது போல எழுதினேன்: "கணவாய்க் கறி வைச்சா ரப்பர் மாதிரி வருதா?" 15 எழுத்து. பொருள் ஒன்றும் குறையவில்லை. "இருக்கின்றது", "ஆகிவிடும்" மாதிரி வால்கள்தான் நேரத்தைத் தின்கின்றன என்று அன்றைக்குத்தான் உறைத்தது. முதல் வரைவில் 168 எழுத்து இருந்தது, வால்களை வெட்டியே 110க்கு வந்தேன். மிச்சத்தை ஒரு வாக்கியத்தை முழுதாகத் தூக்கிச் சமாளித்தேன். உப்புவெளியில் வாங்கின கதை. எனக்கு அது பிடித்த வரி, போகட்டும்.

99க்கு வந்ததும் சின்னம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் மூக்கைச் சுளித்தார்.

"எந்தக் கணவாய் எண்டு சொல்லேல்லையே, பிள்ளை?"

"கணவாய் எண்டா கணவாய்தானே, சின்னம்மா."

"ஓட்டுக்கணவாய் தடிப்பு. அதுக்கு ரெண்டு நிமிசம் காணுமோ? நீ சொன்னதைக் கேட்டுச் செய்துபோட்டு என்னைப் பேசுவினம்."

சரிதான். அவர் வீடியோவில் அரிவது மெல்லிய ஊசிக்கணவாய், விரல் அகலத்தில் வளையமாக. இரண்டு நிமிடக் கணக்கு அதற்குத்தான் பொருந்தும். ஆனால் "ஊசி" என்று சேர்த்தால் இரண்டு எழுத்து கூடி 101. நூறைத் தாண்டமாட்டேன் என்று எனக்கே வீம்பு. கடைசி வாக்கியத்தில் "துப்பரவாக்கிறது" இருந்தது, 7 எழுத்து. அதைக் "கழுவுறது" ஆக்கினேன், 5. ஊசிக்கு வழி பிறந்தது. முடிவான வடிவம்:

"ஊசிக்கணவாய்க் கறி வைச்சா ரப்பர் மாதிரி வருதா? ரெண்டு நிமிசத்தில இறக்கினா மெத்தெண்டு இருக்கும். முக்கால் மணித்தியாலம் விட்டாலும் மெத்தெண்டுதான். ரெண்டுக்கும் இடையில நிப்பாட்டினாத்தான் வில்லங்கம். இது திருகோணமலையில எங்கட சின்னம்மா வைக்கிற கறி. முதல் வேலை, மைப்பை உடையாமல் கழுவுறது."

17, 17, 14, 15, 21, 15. மொத்தம் 99. கடைசி வாக்கியம் அடுத்த காட்சிக்குக் கதவைத் திறந்துவிடுகிறது, அது முடியும் இடத்தில் சின்னம்மாவின் கை கணவாயின் தலையைப் பிடித்து இழுக்கிறது. "வாங்கோ வீடியோவுக்குள்ள போவம்" தேவையில்லை, ஏற்கெனவே உள்ளேதான் நிற்கிறோம்.

வணக்கத்தை விட சின்னம்மா சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு வந்தவனை வா என்று கேளாமல் சோறு போடுவியோ என்று கேட்டார். எழுத்தில் இடமில்லை. பிறகு பழைய காட்சியைத் திரும்ப ஓட்டியபோது, அவர் கைகூப்பும் ஒன்றரைச் செக்கன் அழகாக விழுந்திருந்தது. சத்தத்தை அமத்தி அதை "எங்கட சின்னம்மா" வரும் இடத்தில் வைத்தேன். வணக்கமும் ஆச்சு, ஒரு எழுத்தும் செலவில்லை. அவருக்குப் பரம திருப்தி.

படத்தைக் குரலோடு பொருத்தியபோது இன்னொரு சிக்கல். அவிந்த துண்டை இரண்டு விரலால் இழுத்து, அது ரப்பர் பட்டி போல நீளும் காட்சி ஒன்று இருக்கிறது. இருப்பதில் நல்லது அதுதான் என்று முதல் செக்கனிலேயே வைத்திருந்தேன். பார்த்த தம்பி "அது என்ன வெங்காயமோ?" என்று கேட்டான். நம் பேச்சில் விசயம் வாக்கியத்தின் பின்பாதியில்தான் வெளிப்படும். "ரப்பர்" என்ற சொல்லுக்கு முன் 9 எழுத்து, அதாவது கிட்டத்தட்ட 1.8 செக்கன் இருக்கிறது. அதுவரை அந்தக் காட்சிக்குப் பொருளில்லை. இப்போது "ஊசிக்கணவாய்" என்னும்போது கண்ணாடி மாதிரி மினுங்கும் பச்சைக் கணவாய், "ரப்பர்" என்னும் அதே நொடியில் இழுவை. "வில்லங்கம்" வாக்கியத்துக்கும் அப்படித்தான், சின்னம்மாவின் மருமகன் சப்பிச் சப்பிப் பார்க்கும் முகத்தைக் கடைசிச் சொல்லுக்கு ஒதுக்கினேன்.

ஒலிப்பதிவு அலுமாரிக்குள். சேலைகளுக்கு நடுவில் தலையை விட்டு, விசிறியை நிற்பாட்டி, வேர்த்து ஒழுகி. எழுத்துக் கணக்கு எங்கே பிசகும் என்பதும் அங்கே தெரிந்தது. முதல் வாக்கியம் 17 எழுத்து, 3.2 செக்கனில் முடிந்தது. நான்காவது வாக்கியம் 15தான், 3.6 எடுத்தது. காரணம் "நிப்பாட்டினாத்தான்". ப்பா, ட்டி, த்தா என்று நாக்கு ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று போகிறது, நான் எண்ணாமல் விட்ட புள்ளிகள் எல்லாம் அங்கே வந்து வரி கேட்கின்றன. இலக்கணத்தில் மெய்க்கு அரை மாத்திரை என்று படித்ததை மறந்ததற்குத் தண்டனை. மொத்தம் 20.2 வந்தது. ஐந்தாவது வாக்கியத்துக்கு முன் இழுத்த மூச்சை வெட்டி 20 ஆக்கினேன்.

மைக் பற்றி ஒரு முறைப்பாடு. சட்டையில் கொழுவும் சின்ன மைக், டவுனில் ஒரு போன் கடையில் வாங்கினது. பஞ்சு மூடி தருவதாகச் சொன்ன ஆள் மூன்றாவது முறையும் "நாளைக்கு வரும்" என்றார். மூடி இல்லாமல் "ரப்பர்", "மைப்பை" இரண்டிலும் ப்ப வரும்போது காற்று மைக்கில் அடித்து டப் என்று கேட்கிறது. எதிர்த்த வீட்டு அக்காவின் குழந்தையின் பழைய சொக்ஸைச் சுற்றிப் பார்த்தேன், குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. கடைசியில் மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் நாடிக்குப் பக்கத்தில் சரித்துப் பிடித்தேன். ரப்பர் சரியாகிவிட்டது.

அடுத்தது சுறா வறை. அதற்கு அறிமுகம் 12 செக்கனில் முடியும் என்று நினைக்கிறேன், அதன் சரக்கு ஒரே வரி: அவித்த சுறாவைச் சூடு ஆற முன்பு உதிர்க்கவேண்டும். இப்போதே எழுதத் தொடங்கி 58 எழுத்தில் நிற்கிறேன். ஆனால் கணவாயில் "மைப்பை" இன்னும் டப் என்கிறது. பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டர் ஓடாத நேரம் பார்த்து, ஞாயிறு விடியற்காலை அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பப் பதியவேண்டும். சின்னம்மா தன் சேலைகளில் வேர்வை மணக்கிறது என்று அலுமாரியைப் பூட்டிவிட்டார். திறப்பு எங்கே என்று தம்பிக்குத் தெரியும்.