ஐந்து மாதத்தில் நின்ற கால்கள்

அத்தை என் மகனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மடியில் நிறுத்தினால், இரண்டு கால்களையும் விறைப்பாக ஊன்றி நிற்பான். "கால் பலத்தைப் பாரு, இவன் சீக்கிரம் நடந்துடுவான்" என்று தண்டையார்பேட்டையில் எங்கள் சந்து முழுக்கச் சொல்லிவிட்டார். நானும் மகிழ்ந்தேன். பாதம் தரையில் படியாமல் நுனிவிரலில் நின்றதையும், ஒரு முழங்கால் இன்னொன்றை உரசியபடி கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போனதையும் இருவருமே பார்த்தோம். பார்த்தும் அதைப் பலம் என்றே நினைத்துக்கொண்டோம். அது செரிப்ரல் பால்சி என்னும் மூளை முடக்குவாதத்தின் அறிகுறி என்பது பிறகுதான் தெரிந்தது.

பையன் 30 வாரத்தில் பிறந்தவன். எடை ஒரு கிலோ 250 கிராம், 48 நாள் இன்குபேட்டர். குறைமாதக் குழந்தைக்கு வயதை இரண்டாகக் கணக்குப் போட வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போதே சொல்லியிருந்தார்கள். பத்து வாரம் முன்னால் வந்தவனுக்குக் காலண்டரில் எட்டு மாதம் என்றால், வளர்ச்சியைப் பார்க்க ஐந்தரை மாதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கணக்கு சரிதான். ஆனால் எனக்கு அதுவே நல்ல சாக்காகவும் ஆகிப்போனது. எது தள்ளிப்போனாலும் "குறைமாதம்" என்ற பதில் தயாராக இருந்தது. நாங்கள் காட்டிய ஒரு டாக்டரும் ரெண்டு வயசு வரை பாருங்கள் என்றார். அது நான் ஒத்துக்கொண்டிருக்கக் கூடாத அறிவுரை.

தாமதம் வேறு, விறைப்பு வேறு என்பது அப்புறம்தான் புரிந்தது. தாமதமாக வளரும் குழந்தையின் உடம்பு பொதுவாகத் தொளதொளவென்றோ சாதாரணமாகவோ இருக்கும், வேலைகள் மட்டும் மெதுவாக வரும். இவனுக்கு டயப்பர் மாற்றத் தொடைகளை விரிப்பதே பெரும்பாடு. இரண்டு கையையும் பிடித்து மெல்ல இழுத்தால் மற்ற குழந்தைகள் உட்கார வருவார்கள். இவன் இடுப்பை மடக்காமல் பலகை போல நேராக எழுந்து நின்றுவிடுவான். குப்புறப் படுத்தால் முழங்கையால் இழுத்துக்கொண்டு போவான், கால்கள் இரண்டும் சேர்ந்து பின்னால் வரும். திருத்திய கணக்கில் 9 மாதம் ஆகியும் தனியாக உட்காராதபோதுதான் வேறு டாக்டரிடம் போனோம்.

அவர் முதலில் செய்தது சின்ன வேலை. பாதத்தை மெதுவாக மேலே தள்ளினார், வந்தது. வேகமாகத் தள்ளினார், பாதி வழியில் சட்டென்று பிடித்துக்கொண்டது. வேகத்தில் இறுகும் இந்த விறைப்புக்குப் பெயர் ஸ்பாஸ்டிசிட்டி. பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ.யும் அதற்கு ஒத்துப்போனது. மூளையின் நடுவில் நீர் நிரம்பிய அறைகள் உண்டு. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்த அறைகளை ஒட்டிய வெள்ளைப் பகுதிதான் மிக நொய்மையானது. கால்களுக்குப் போகும் நரம்பு இழைகள் அறைச் சுவருக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன, கைகளுக்கானவை கொஞ்சம் தள்ளி. அதனால் அங்கே பாதிப்பு வந்தால் கால் அதிகமாகவும் கை குறைவாகவும் மாட்டிக்கொள்ளும். அத்தை வெகுநாள் "மசாஜ் ஒழுங்காகச் செய்யவில்லையோ" என்று தன்னையே நொந்துகொண்டிருந்தார். அந்த எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டியதும்தான் விட்டார்.

செரிப்ரல் பால்சியில் எங்கள் பையனின் வகைக்கு ஸ்பாஸ்டிக் டைப்ளீஜியா என்று பெயர். மற்ற வகைகளை எனக்குப் புரியவைத்தது தெரபி வாசலில் இருந்த பெஞ்சுதான். ஒரு அக்காவின் மகளுக்கு வலது கை மட்டும் மடங்கி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போயிருக்கும், வலது காலும் லேசாக இழுக்கும். அது ஹெமிப்ளீஜியா, உடம்பின் ஒரு பக்கம். "எட்டு மாசத்துல எல்லாத்தையும் இடது கையாலதான் எடுப்பா, இடக்கைக்காரின்னு நினைச்சோம்" என்றார். ஒரு வயதுக்கு முன்னால் குழந்தை ஒரு கையை மட்டும் விரும்பினால் அந்தக் கையைப் பாராட்டுவதோடு நிற்காமல் மற்ற கையையும் பார்க்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். பக்கத்தில் இன்னொரு குழந்தைக்கு நான்கு கை கால்களும் கழுத்தும் பாதிப்பு, குவாட்ரிப்ளீஜியா. கடுமையான மஞ்சள் காமாலைக்குப் பிறகு வந்த பையன் ஒருவனுக்கு விறைப்பும் தளர்ச்சியும் மாறி மாறி வரும். பொம்மையை எடுக்க நினைத்தாலே கை, வாய், கழுத்து எல்லாம் தானாக முறுக்கிக்கொள்ளும். அது டிஸ்கைனெடிக். தள்ளாட்டமும் நடுக்கமும் முக்கியமாக இருக்கும் அடாக்சிக் வகையை நான் அங்கே பார்த்ததில்லை, அது அரிது. வகைகள் கலந்தும் வரலாம். மூளையில் நடந்த சேதம் எந்த வகையிலும் வளர்ந்துகொண்டே போவதில்லை. ஆனால் எலும்பு வளர வளர, இறுகிய தசை அதற்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கும். தெரபிக்கும், உட்காரும் படுக்கும் விதத்துக்கும் இவ்வளவு முக்கியத்துவம் அதனால்தான்.

தெரபிஸ்ட் மேடம் முதல் நாளே ஒரு நோட்டு வாங்கிவரச் சொன்னார். நான் "எப்போ நடப்பான்?" என்று கேட்டேன். அவர் நோட்டில் எழுதியது இது: "மூன்று மாதத்தில் சின்ன மணையில், பாதம் தரையில் பட, 5 நிமிடம் உட்கார்ந்து இரண்டு கையாலும் டம்ளரைப் பிடிக்க வேண்டும்." எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. "அம்மா, இவன் கையை ஊன்றித்தான் உட்காருறான். கை ஊன்றியே இருந்தா எதை வச்சு விளையாடுவான், எதை வச்சு சாப்பிடுவான்? இடுப்பு நிமிர்ந்தாத்தான் கை ஃப்ரீ ஆகும்" என்றார். இன்னொன்றும் கறாராகச் சொன்னார். அவனைப் படுக்கவைத்துக் காலை நான் நீட்டி மடக்கினால் பலன் கொஞ்சம்தான், அவனே ஆசைப்பட்டு எட்டி, சாய்ந்து, திரும்பினால்தான் மூளை கற்றுக்கொள்ளும். வாரம் இரண்டு நாள், முக்கால் மணி நேரம் அங்கே. மீதி நேரமெல்லாம் எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறைதான்.

அந்த அறையில் நாங்கள் மாற்றியவை சின்னச் சின்ன விஷயங்கள். முதலில் டயப்பர். இரண்டு கணுக்காலையும் ஒன்றாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். அப்படித் தூக்கும்போதுதான் தொடை இன்னும் இறுகும். இப்போது இடுப்பின் கீழே மடித்த துண்டை வைத்து, முதலில் முழங்காலை வயிற்றை நோக்கி மடக்கி, மெதுவாகப் பக்கவாட்டில் ஆட்டுவேன். இறுக்கம் விட்டதும் முழங்காலுக்கு மேலே பிடித்து விரிப்பேன். அவசரப்பட்டால் காரியம் கெடும். குளிரும் அழுகையும் திடுக்கென்ற சத்தமும்கூட விறைப்பை ஏற்றும். எங்கள் தெருவில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் ஒரு நிமிடம் காத்திருப்பேன்.

தூக்குவதில் நம் பழக்கமே உதவிக்கு வந்தது. இடுப்பில் கால்களை இருபுறமும் போட்டு உட்காரவைப்பது இந்தக் குழந்தைகளுக்குத் தோதான நிலை. தொடை விரிந்திருக்கும், இடுப்பு மடங்கியிருக்கும். கைக்குழந்தை மாதிரி மல்லாக்க ஏந்தியபோதுதான் பின்னால் வில்லாக வளைந்தான். தூளியைப் பற்றி வீட்டில் சண்டையே வந்தது. அதில் கால் இரண்டும் ஒட்டி, முதுகு சுருண்டு, திரும்ப இடமில்லாமல் கிடப்பான். பகலில் மணிக்கணக்காக அதில் போட வேண்டாம் என்றார் மேடம். தூங்கவைக்க மட்டும் கொஞ்ச நேரம், தூங்கியதும் பாய்க்கு என்று அத்தையுடன் சமாதானம் ஆனேன்.

விழித்திருக்கும்போது பாயில் ஒருக்களித்துப் படுக்கவைப்போம். கீழ்க்கால் நீட்டி, மேல்கால் மடங்கி, நடுவே தலையணை, முதுகுக்கு ஒரு போர்வைச் சுருட்டு. அப்போது இரண்டு கைகளும் தானாகவே முன்னால் வந்து சந்திக்கும். குப்புறப் படுக்கையில் மார்புக்குக் கீழே சுருட்டிய துண்டு, முழங்கைகள் தோளுக்குச் சற்று முன்னால். முதலில் இரண்டு நிமிடத்திலேயே அழுவான். அதனால் நேரத்தைக் கூட்டாமல் தடவைகளைக் கூட்டினோம். ஆள் பக்கத்தில் இருந்தால் மட்டும், தூக்கத்தில் ஒருபோதும் இல்லை. எந்த நிலையும் அரை மணியைத் தாண்டுவதில்லை.

உட்காரவைப்பதில்தான் நான் தவறாகச் செய்துகொண்டிருந்தேன். காலை நேராக நீட்டிச் சுவரில் சாய்த்து வைப்பேன். தொடையின் பின்தசை இறுகியிருப்பதால் அது இடுப்பைப் பின்னுக்கு இழுத்துவிடும், முதுகு கூன் போடும், அவன் வால் எலும்பில் உட்கார்ந்து சறுக்குவான். மணையில் முழங்கால் மடங்கியதும் அந்த இழுப்பு விட்டது. முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை அளந்தேன், 16 சென்டிமீட்டர். எங்கள் மணை 9 சென்டிமீட்டர்தான். மீதிக்குப் பழைய செய்தித்தாள் கட்டு, மேலே டேப் சுற்றி. முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்தான் மேசை. சாப்பாடும் அங்கேயே. மடியில் மல்லாக்கப் போட்டு ஊட்டியபோது இருமிக்கொண்டே இருந்தவன், நிமிர்ந்து, தாடை லேசாகத் தாழ்ந்து உட்கார்ந்ததும் இருமல் வெகுவாகக் குறைந்தது. அப்படிக் குறையாமல் ஒவ்வொரு வேளையும் இருமினாலோ, மூச்சில் கரகரப்பு வந்தாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறதா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் என் கணவர் எம்.சி. ரோட்டிலிருந்து சக்கரம் வைத்த வாக்கர் வாங்கி வந்தார். பையனுக்கு ஒரே குஷி, அறை முழுக்க ஓட்டினான். இரண்டு வாரத்தில் மேடம் காலைப் பிடித்ததுமே கேட்டார்: "வாக்கர் வச்சிருக்கீங்களா?" உட்கார்ந்தபடி நுனிவிரலால் உந்தி உந்தி, விடவேண்டிய பழக்கத்தையே அவன் பயிற்சி செய்துகொண்டிருந்தான். கெண்டைக்கால் முன்னைவிட இறுகியிருந்தது. வாக்கர் பரணுக்குப் போனது. அதற்குப் பதில் கணுக்காலுக்கு அளவெடுத்த ஸ்பிளின்ட்டைப் போட்டு, சாய்ந்து நிற்கும் பலகையில் தினமும் நிற்கவைத்தோம். ஸ்பிளின்ட்டைக் கழற்றியதும் தோலைப் பார்ப்பது என் வேலை. சிவப்பு அரை மணிக்குள் மறையாவிட்டால் மறுபடி போடாமல் எடுத்துப்போய்ச் சரிசெய்வேன்.

மணைக் குறிக்கோள் மூன்று மாதத்தில் முடியவில்லை, ஐந்து மாதம் ஆனது. ஒன்றரை வயதில் இடுப்பு எக்ஸ்ரே எடுத்தோம். வலி என்று அவன் எதுவும் காட்டாதபோது எதற்கு என்று கேட்டேன். இறுகிய தொடைத் தசை பந்து எலும்பைக் கிண்ணத்திலிருந்து மெல்ல வெளியே இழுக்கும், வலி தெரியும்போது தாமதமாகியிருக்கும் என்றார் எலும்பு டாக்டர். பந்தில் எத்தனை சதவீதம் வெளியே இருக்கிறது என்று கோடு போட்டு அளக்கிறார்கள். 30-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். இவனுக்கு வலது 18, இடது 24. ஆறு மாதத்தில் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறார்.

இப்போது அவனுக்கு இரண்டு வயது. கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்கிறான். ஐந்து நிலைகள் கொண்ட அளவுகோலில் மூன்றாம் நிலை என்று எழுதியிருக்கிறார்கள். கையில் பிடிக்கும் நடைசாதனத்தோடு நடக்க வாய்ப்பு, தூரத்துக்குச் சக்கர நாற்காலி. போன வாரம் மணையில் உட்கார்ந்தவனின் முழங்கால் இடுப்பைவிட மேலே ஏறி நின்றது. அளந்தால் 19 சென்டிமீட்டர். டேப்பைப் பிரித்து, மூன்று சென்டிமீட்டருக்குத் தாள் சேர்த்துக் கட்டினேன். பக்கத்திலேயே நின்று, டேப்பை அவன்தான் பிடித்துக்கொண்டான், இரண்டு கையாலும், வயிற்றை ஸ்டூலில் சாய்த்துக்கொண்டு.