‘இறுதியாண்டு மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்’: அந்த வரிக்குப் பின்னால் இருந்த ஒரு தேதி

பாரத ஸ்டேட் வங்கியின் புரொபேஷனரி அதிகாரி தேர்வுக்கு நான் விண்ணப்பித்தபோது என் கையில் பட்டம் இல்லை. ஆறாம் பருவத் தேர்வை எழுதி முடித்துவிட்டு, முடிவுக்காகப் பாம்பனில் வீட்டில் காத்திருந்தேன். பட்டம் கேட்கும் தேர்வுக்குப் பட்டம் வாங்குமுன் விண்ணப்பிப்பது முறையானதுதான். அறிவிக்கையே அதற்கு இடம் கொடுக்கிறது. தேர்வும் படிப்பும் எனக்குத் தந்த தொல்லையைவிட, ‘இந்த நாளுக்குள் இவர் தேர்ச்சி பெற்றார்’ என்பதைக் காட்டும் ஒற்றைத் தாள் தந்த தொல்லையே பெரிது. இதே நிலையில் இருக்கும் நம் பக்கத்து மாணவர்கள் அந்த அலைச்சலையாவது தவிர்க்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அறிவிக்கையில் அந்த வரி இப்படித்தான் இருக்கும்: பட்டப்படிப்பின் இறுதியாண்டிலோ இறுதிப் பருவத்திலோ இருப்பவர்களும் தற்காலிகமாக விண்ணப்பிக்கலாம், ஆனால் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டால், குறிப்பிட்ட ஒரு நாளன்றோ அதற்கு முன்போ பட்டத் தேர்வில் தேர்ச்சி பெற்றதற்கான சான்றைக் காட்ட வேண்டும். பெரும்பாலோர் முதல் பாதியைப் படித்துவிட்டு மகிழ்ச்சியோடு பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். உயிர் இருப்பது இரண்டாம் பாதியில்.

தங்கச்சிமடத்திலிருந்து என்னோடு பேருந்தில் வரும் வகுப்புத் தோழி ஒருத்தி, 2024 டிசம்பர் கடைசியில் வந்த அறிவிக்கையைப் பார்த்து, ஜனவரியிலேயே 750 ரூபாய் கட்டி விண்ணப்பித்துவிட்டாள். அந்த அறிவிக்கையும் இறுதியாண்டு மாணவர்களை அனுமதித்தது. ஆனால் அதில் கொடுத்திருந்த கடைசி நாள் 30.04.2025. எங்கள் இறுதிப் பருவத் தேர்வே ஏப்ரலில்தான் தொடங்கியது. அந்த மாதத்துக்குள் முடிவு வர வழியே இல்லை. அவள் எத்தனை நன்றாக எழுதியிருந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோயிருப்பாள். 2025 ஜூன் 24 அன்று வந்த அடுத்த அறிவிக்கையில் அதே வரி, அதே சொற்கள், ஆனால் நாள் மட்டும் 30.09.2025. ஏப்ரல், மே மாதங்களில் தேர்வெழுதிய எங்களுக்கு அதுதான் பொருத்தமான வாய்ப்பு. ஆகவே ‘இறுதியாண்டு’ என்ற சொல்லை வைத்து முடிவெடுக்காமல், உங்கள் பல்கலைக்கழகம் கடந்த ஆண்டுகளில் இறுதிப் பருவ முடிவை எந்த வாரத்தில் வெளியிட்டது என்று மூத்த மாணவர்களிடம் கேட்டு, அதை அந்த நாளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.

வயதையும் அப்போதே பார்த்துவிடுவது நல்லது. 2025 ஜூன் அறிவிக்கைக்கு 01.04.2025 அன்று 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டப்படிப்பை நேராக முடிக்கும் பலருக்கு அந்த நாளில் இருபதுதான் நடக்கும். பட்டம் சரியாக வந்தும் சில மாத வயதுக் குறைவால் விண்ணப்பிக்க முடியாதவர்கள் எங்கள் வகுப்பிலேயே இருந்தார்கள்.

இணையத்தில் விண்ணப்பிப்பது எளிதாகவே முடிந்தது. முடிந்துவிட்ட ஐந்து பருவங்களின் மதிப்பெண்களைக் கூட்டி, இரண்டு தசமம் வரை சதவீதம் கணக்கிட்டு நிரப்பினேன். அந்தக் கணக்குப் போட்ட தாளையும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். ஜூலை 14-உடன் விண்ணப்பம் முடிந்தது. எங்கள் முடிவு ஜூலைக் கடைசியில் பல்கலைக்கழக இணையதளத்தில் வந்தது. எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி. முதனிலைத் தேர்வும் முதன்மைத் தேர்வும் நடந்து முடிந்தன.

சிக்கல் தொடங்கியது மதிப்பெண் பட்டியல் வந்த பிறகு. கல்லூரியில் அது எங்கள் கைக்குக் கிடைத்தது அக்டோபர் கடைசியில். அதன் அடியில் அச்சாகியிருந்த தேதி அக்டோபர் நடுவில் ஒரு நாள். தற்காலிகப் பட்டச் சான்றிலும் அதே தேதி. பட்டியலின் மேலே ‘ஏப்ரல் 2025’ என்று இருந்தது உண்மைதான். ஆனால் அது தேர்வு நடந்த மாதம், தேர்ச்சி பெற்ற நாள் அல்ல. வங்கியின் அறிவிக்கை இதில் தெளிவாக இருக்கிறது: மதிப்பெண் பட்டியலிலோ தற்காலிகச் சான்றிலோ உள்ள தேதியே தேர்ச்சி பெற்ற தேதியாகக் கொள்ளப்படும். அப்படிப் பார்த்தால் நான் செப்டம்பர் 30-க்குப் பிறகு பட்டம் பெற்றவள், தகுதியற்றவள்.

அதே பத்தியின் அடுத்த வாக்கியம்தான் என்னைக் காப்பாற்றியது. முடிவு பல்கலைக்கழக இணையதளத்தில் வெளியிடப்பட்டிருந்தால், எந்த நாளில் வெளியிடப்பட்டது என்பதைக் குறிப்பிட்டு உரிய அதிகாரி சான்று கொடுத்தால், அந்த நாளே தேர்ச்சி பெற்ற நாளாக ஏற்கப்படும். இந்தச் சான்றுக்கு அச்சிட்ட படிவம் கிடையாது. படிவம் இல்லாத ஒன்றை ஓர் அலுவலகத்தில் கேட்டு வாங்குவது எப்படிப்பட்ட வேலை என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர் நான் சொன்னதைப் பாதியிலேயே நிறுத்தி, “அதான் மார்க்ஷீட் வந்துருச்சே, பிறகென்னம்மா?” என்றார். தேதியைக் காட்டி விளக்கியதும், “அப்ப போனஃபைடு தர்றேன், கொண்டுபோ” என்று உடனே தட்டச்சு செய்து கையில் கொடுத்துவிட்டார். போனஃபைடு என்பது நான் இந்தக் கல்லூரியில் இந்த ஆண்டு முதல் இந்த ஆண்டு வரை படித்தேன் என்று மட்டுமே சொல்லும்; தேர்ச்சியையும் சொல்லாது, தேதியையும் சொல்லாது. முத்திரையோடு ஒரு தாள் கிடைத்துவிட்டதே என்று அதை எடுத்துக்கொண்டு நேர்காணலுக்குப் போயிருந்தால் முடிந்திருக்கும். இணையதளத்தில் முடிவைத் திறந்து அச்செடுத்துக் கொடுத்தால் போதும் என்றும் சிலர் சொன்னார்கள். அதுவும் உதவாது. அந்தத் தாளின் ஓரத்தில் விழும் தேதி நீங்கள் அச்செடுத்த நாளின் தேதியே. முடிவு வெளியான நாள் அந்தப் பக்கத்தில் எங்கும் இல்லை.

பல்கலைக்கழகம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டிய தொலைவில் இருக்கிறது. விடியுமுன் கிளம்பி, ராமநாதபுரத்தில் மாறி, அங்கே போய்ச் சேர்ந்தால், கல்லூரி முதல்வரின் கடிதம் இல்லாமல் மாணவரிடம் நேரடியாக எதையும் வாங்க மாட்டோம் என்று சாளரத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதைத் தொலைபேசியில் கேட்டபோது யாரும் சொல்லவில்லை. “நேரில் வாங்க” என்ற ஒரே பதில்தான் கிடைத்திருந்தது. அந்த நாள் முழுதும் வீண்.

அடுத்த முறை போகும்போது நான் மாற்றிச் செய்தது ஒன்று உண்டு. அறிவிக்கையின் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அச்செடுத்து, அந்த இரண்டு வாக்கியங்களின் அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு, முதல்வரின் கடிதத்தோடும் என் விண்ணப்பத்தோடும் இணைத்தேன். சான்றில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதினேன்: பெயர், பதிவெண், பட்டம், தேர்வு நடந்த மாதமும் ஆண்டும், எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி பெற்றார் என்ற வாக்கியம், முடிவு இணையதளத்தில் வெளியான நாள், மாதம், ஆண்டு. வாயால் சொன்னபோது யாருக்கும் விளங்காதது, கோடு போட்ட தாளைப் பார்த்ததும் பிரிவு அலுவலருக்கு நொடியில் விளங்கியது. “இதை முதல்லயே காட்டியிருக்கலாமே” என்றார். சாளரத்தைத் தாண்டி உள்ளே விட்டிருந்தால் காட்டியிருப்பேன். சலான் கட்டிவிட்டு வரச் சொன்னார், கட்டினேன்.

மாலையில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் கையெழுத்தோடு சான்று வந்தது. படித்தால், ‘தேர்வு முடிவுகள் ஜூலை 2025-இல் வெளியிடப்பட்டன’ என்று இருந்தது. மாதம் இருக்கிறது, நாள் இல்லை. ஜூலை எப்படியும் செப்டம்பருக்கு முன்புதானே, போதாதா என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார். கணக்குப்படி போதும், ஆனால் அறிவிக்கை கேட்பது வெளியான தேதியை. சரிபார்க்கும் மேசையில் இருப்பவர் மாதத்தை ஏற்பாரா, ஏற்க மாட்டாரா என்பதை அங்கே போய் அறிந்துகொள்ள நான் தயாராக இல்லை. கடைசிப் பேருந்தைப் பற்றிய கவலையோடு மறுபடியும் உள்ளே போய்ச் சொன்னேன். முகம் சுளித்தாலும் திருத்திக் கொடுத்தார்கள். முத்திரை, கையெழுத்து, பதிவெண்ணின் ஒவ்வோர் இலக்கம் எல்லாவற்றையும் அங்கேயே நின்று மதிப்பெண் பட்டியலோடு வைத்துப் பார்த்த பிறகுதான் வெளியே வந்தேன்.

நேர்காணல் நாளில் சான்றிதழ்களைச் சரிபார்த்தவர் மதிப்பெண் பட்டியலின் அடித் தேதியில் விரலை வைத்து நிமிர்ந்து பார்த்தார். நான் சான்றை நீட்டினேன். நாளைப் படித்தார், முத்திரையைப் பார்த்தார், நகலை வாங்கிக் கோப்பில் செருகினார். அவ்வளவுதான். சதவீதக் கணக்கைக் கேட்டபோது ஆறு பருவங்களின் பட்டியலையும் காட்டினேன். மதிப்பெண் இல்லாமல் தரப் புள்ளி மட்டும் போடும் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள், அதைச் சதவீதமாக மாற்றும் விதியைக் கூறும் சான்றையும் கொண்டுபோக வேண்டும். அதையும் இதே பயணத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

இந்தச் சலுகையை எல்லாத் தேர்வுக்கும் இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. ஐபிபிஎஸ் நடத்தும் பிற பொதுத்துறை வங்கிகளுக்கான அதிகாரி தேர்வுக்குப் பதிவு செய்யும் நாளிலேயே பட்டதாரி என்பதற்கான மதிப்பெண் பட்டியலோ பட்டச் சான்றோ இருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சி அறிவிக்கை வெளியான நாளைக் கணக்கில் கொள்கிறது. எஸ்எஸ்சி நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வு இறுதியாண்டு மாணவர்களை அனுமதித்தாலும், கொடுத்த நாளுக்குள் முடிவு வெளியாகியிருக்க வேண்டும். முடிவு தயாராகிக்கொண்டிருந்தது என்பது செல்லாது என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

அரியர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தேதிக் கணக்கு இன்னும் இறுக்கமானது. நவம்பரில் எழுதப்போகும் ஒரு தாள் பாக்கியிருந்தால், செப்டம்பர் 30-க்குள் அவர் பட்டதாரி ஆகவில்லை. எந்தச் சான்றாலும் அதை மாற்ற முடியாது. மறுமதிப்பீட்டில் தேர்ச்சி பெறுபவர்கள், முதல் முடிவின் தேதியை எழுதிக் கொடுப்பார்களா, மறுமதிப்பீட்டு முடிவின் தேதியையா என்று பல்கலைக்கழகத்தில் முன்னதாகவே கேட்டு, முடிந்தால் அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.