காலுக்கு மேல கிடந்த கொலுசு

"தம்பி, இது காலில போட்ட கொலுசு இல்லை. காலுக்கு மேல கிடக்குது."

விசுவமடுவில் ஒரு வீட்டு விறாந்தையில் வைத்து அந்த அம்மம்மா சொன்னது. கண்ணாடியும் போடவில்லை. கிளிநொச்சியிலிருந்து பரந்தனில் திரும்பி, அந்த வெயிலுக்குள் மோட்டார் சைக்கிளில் அல்பத்தைக் கொண்டுபோனவன் நான். படத்தை ஒருக்கால் பார்த்தேன். அவ சொன்னது சரி. அல்பத்தை அப்படியே திருப்பிக் கட்டிக்கொண்டு வந்தேன்.

விஷயம் இதுதான். சாமத்திய வீடு நடந்த அன்று பிள்ளையின் வெள்ளிக் கொலுசு அடகில் இருந்திருக்கிறது. பாலறுகு வைத்து முடிந்தபிறகு விறாந்தைப் படியில் பிள்ளையின் இரண்டு காலையும் தனியாக ஒரு படம் எடுத்தேன். சிவப்புச் சேலைக் கரை, மருதாணி, வெறுங்கால். பிறகு தாய் மெதுவாகக் கேட்டா: "அதில கொலுசு போட்டு விடலாமோ தம்பி?" அரை மணித்தியால வேலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன்.

இணையத்தில் எடுத்த ஒரு கொலுசுப் படத்தை வெட்டி, காலில் வைத்து, வளைத்து, கீழே கொஞ்சம் கறுப்பு நிழல் போட்டு, மற்றக் காலுக்கு அதையே இடம் வலம் மாற்றி ஒட்டினேன். கணினித் திரையில் முழுப் படமாகப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிரிண்ட் ஆகி வந்த பெரிய தாளில்தான் வண்டவாளம் தெரிந்தது. கொலுசின் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. திரையில் 100 வீதத்துக்குப் பெருப்பித்து ஓரத்தைச் சுற்றிப் பார்க்காமல் எதையும் பிரிண்டுக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பக்கத்தைத் திரும்ப அடிக்கிற காசு என் கையிலிருந்துதான் போனது.

ஆனால் அம்மம்மா பிடித்தது வெள்ளைக் கோட்டை இல்லை, வளைவை.

கொலுசு ஒரு வளையம். அதன் பாதி காலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கமரா மேலே நின்று கீழே பார்த்தால், முன் பாதி கீழ்நோக்கித் தொய்ந்து தெரிய வேண்டும். நான் படம் எடுத்தது ஏறக்குறைய 30 பாகைச் சரிவில். அந்தச் சரிவில் ஒரு வட்டத்தைப் பார்த்தால் அதன் உயரம் அகலத்தில் பாதியாகத் தெரியும். என் படத்தில் கணுக்கால் 900 பிக்சல் அகலம். அப்போ வளையத்தின் உயரம் 450, முன் பக்கத் தொய்வு 225 பிக்சல். நான் போட்டிருந்தது 80 கூட வராது. கமரா முழங்கால் உயரத்துக்கு இறங்கிப் பார்த்த மாதிரியான வளைவு அது. போதாததற்கு, கொலுசு காலில் மட்டமாக நிற்பதும் இல்லை. முன்னுக்குச் சரிந்து புறங்காலில் படுக்கும். அதனால் முன்னாலிருந்து பார்க்கிறவருக்குத் தொய்வு இன்னும் கூடத் தெரியும். இப்போது கொலுசை வைக்க முதல் தனி லேயரில் ஒரு நீள்வட்டம் கீறி, அது காலைச் சுற்றி நிற்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். அது நம்பும்படி இல்லாவிட்டால் மேற்கொண்டு ஒன்றும் சரிவராது.

இன்னொன்று: நேராக நீட்டி எடுத்த கொலுசை போட்டோஷொப்பின் `Warp` கொண்டு வளைத்தால் கோடு வளையும், மணிகள் ஒடுங்காது. காலின் ஓரத்துக்குப் போகப் போக மணிகள் ஒடுங்கி, ஒன்றை ஒன்று நெருக்க வேண்டும். என்னுடையதில் நடுவிலும் ஓரத்திலும் ஒரே இடைவெளி. ஸ்டிக்கர் ஒட்டினது போலிருந்ததற்கு அது பாதிக் காரணம்.

மற்றப் பாதி வெள்ளியின் நிறம். வெள்ளி ஒரு கண்ணாடி மாதிரி, சுற்றியிருப்பதைத்தான் காட்டும். இணையத்துக் கொலுசு வெள்ளைப் பெட்டிக்குள் வைத்து எடுத்தது. அதில் தோலின் பழுப்பும் இல்லை, சேலையின் சிவப்பும் இல்லை. அதோடு இடம் வலம் மாற்றியதில் ஒரு காலுக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்தும் மற்றதற்கு வலப்பக்கமிருந்தும் விழுந்தது. பந்தலுக்குள் இரண்டு சூரியன்!

அடுத்த நாள் தாய்க்குப் போன் எடுத்து, வெட்கத்தை விட்டுக் கேட்டேன், கொலுசு இப்போது கையில் இருக்கிறதா என்று. மீட்டாச்சாம். பிள்ளையைத் திரும்ப நிறுத்தி எடுக்க வழியில்லை, பள்ளிக்கூட விடுதிக்குப் போய்விட்டாள். கொலுசு மட்டும் மாமன்காரன் கையில் வந்து சேர்ந்தது. என் காலில் கொக்கி எட்டவில்லை. கடைசியில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல்தான் கைகொடுத்தது. அதன் விட்டம் 6.5 சென்ரிமீற்றர், சுற்றளவு 20க்குக் கொஞ்சம் மேல். கொலுசு அளவாக, கொஞ்சம் தளர்வாக நின்றது. கொப்பிக்கு உறை போடுகிற பழுப்புத் தாளைப் போத்தலில் சுற்றினேன். புறங்காலுக்குப் பதிலாக முன்னால் ஒரு துணிச்சுருள், பக்கத்தில் சிவப்புத் துணி. பின்னேரம் ஸ்ரூடியோ வாசலில், வெளிச்சம் இடப்பக்கமிருந்து வரும்படி, அதே லென்ஸ், அதே தூரம், அதே சரிவு. இரண்டு கொலுசையும் தனித்தனியாக எடுத்தேன். தொய்வும் மணிகளின் ஒடுக்கமும் தாமாகவே வந்திருந்தன. வெட்டி எடுத்தபோது சங்கிலித் துளைகளுக்குள் தப்பி நின்ற பழுப்புக்கூடத் தோலோடு தோலாகப் போய்விட்டது. போத்தலின் உருண்டைக்கும் காலின் வடிவத்துக்கும் இருந்த வித்தியாசத்தை `Puppet Warp` இல் நாலைந்து ஊசி குத்திச் சரிக்கட்டினேன்.

நிழலில்தான் ஒரு இரவு போனது. முதல் தடவை செய்த பிழை, கறுப்பில் ஒரே நிழலைச் சுற்றிவரப் போட்டது. தோலில் விழும் நிழல் கறுப்பில்லை, செம்மண் கலந்த பழுப்பு. கால்விரல் இடுக்கில் இருக்கும் இயற்கை இருட்டிலிருந்தே நிறத்தை எடுத்து, `Multiply` லேயரில் போட்டேன். நிழலும் இரண்டு வேண்டும். சங்கிலி தோலில் தொடுகிற இடத்தில் மயிர்க்கோடு மாதிரி ஒன்று, ஏழெட்டுப் பிக்சல், நல்ல இருட்டு. தொங்குகிற மணிக்கு வேறு ஒன்று, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் விலகி, மங்கலாக. கணுக்கால் மொளிக்குக் கீழே கொலுசு தோலில் படுவதே இல்லை, ஒரு விரல்நகம் போகிற இடைவெளி. அந்த இடத்தில் தொடு நிழலை அழித்ததும்தான் கொலுசு தொங்கத் தொடங்கியது. புறங்காலில் அது பாரமாகக் கிடக்கும் இடத்தில் மட்டும் தோலை `Liquify` இல் மிகக் கொஞ்சம் அமத்தினேன். கூட அமத்தினால் இறுக்கிக் கட்டின கயிறு மாதிரி ஆகிவிடும். இடையில் ஒருக்கால் கரண்ட் போய், சேவ் பண்ணாத ஒரு மணித்தியால வேலையும் போனது. அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை.

முடிக்கும்போது ஒரு சந்தேகம். இடக்கால் கொலுசில் ஒரு மணி கழன்று போய், வெறும் வளையம் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து மணியைப் பிரதிபண்ணி வைக்க அரை நிமிடம் போதும். வைத்தும் பார்த்தேன். பிறகு என்னவோ எடுத்துவிட்டேன்.

இந்த முறை அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்து, விரலால் மணிகளை எண்ணிக்கொண்டு வந்தா. விரல் ஒரு இடத்தில் நின்றது.

"ஓம், இது எங்கட கொலுசுதான்."