பிறை பார்த்து முடிவாகும் பண்டிகைக்கு மின்னஞ்சல் நேரம் குறித்த அனுபவம்

பல நாடுகளுக்குப் பரிசுப் பொருள்களை இணையவழி விற்கும் ஒரு நிறுவனத்தில் விளம்பர மின்னஞ்சல்களுக்கு நாளும் நேரமும் குறிப்பது என் பொறுப்பு. 2025 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பொறுப்பில் நான் எவ்வளவு கவனக்குறைவாக இருந்திருக்கிறேன் என்பதை எனக்குக் காட்டியது.

அன்று சவூதி அரேபியாவிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் நோன்புப் பெருநாள். இந்தியாவிலும் மலேசியாவிலும் அது மறுநாள்தான். அதே ஞாயிறு பிரிட்டனில் அன்னையர் தினம். அன்று அதிகாலையில் அங்கே கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. எங்கள் நாட்காட்டியிலோ எல்லா நாடுகளுக்கும் பெருநாள் 31ஆம் தேதி என்றும், அன்னையர் தினம் மே மாதத்து இரண்டாம் ஞாயிறு என்றும் மட்டுமே இருந்தது. ஓர் ஆண்டுக்கு முன் யாரோ ஒரு விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்து எழுதியதை நான் சரிபார்க்காமலே பயன்படுத்தியிருந்தேன்.

விளைவாக, பெருநாள் தொழுகை முடிந்து உறவினர் வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த சவூதி வாடிக்கையாளர்களுக்கு ‘நாளை பெருநாள், பரிசு வாங்கிவிட்டீர்களா?’ என்ற மடல் போனது. மாலையில் சிலருக்கு, கூடையில் போட்டு வாங்காமல் விட்ட பொருளை நினைவூட்டும் தானியங்கி மடல் போனது. மறுநாள் காலையில் வாழ்த்து மடல், ஒரு நாள் தாமதமாக. பட்டியலிலிருந்து விலகியவர்களில் ஒருவர் காரணம் கேட்கும் பெட்டியில், ‘எங்கள் பெருநாள் எப்போது என்றுகூடத் தெரியாதவர்கள் எதற்கு வாழ்த்து அனுப்புகிறீர்கள்’ என்று எழுதியிருந்தார். அந்தக் கேள்வி நியாயமானது. நாட்காட்டியை முதலிலிருந்து எழுத வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன்.

பண்டிகைத் தேதிகள் எல்லாம் ஒரே வகை அல்ல என்பதை எழுதத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன். ஜனவரி 1 போல மாறாதவை உண்டு. ஈஸ்டர் போல ஆண்டுதோறும் மாறினாலும், கணக்கிட்டுப் பல ஆண்டுகள் முன்னரே சொல்லக்கூடியவை உண்டு; பிரிட்டனின் அன்னையர் தினம் ஈஸ்டரை ஒட்டி நகர்வதால் அதுவும் இந்த வகைதான். மூன்றாவது வகை, பிறை பார்த்த பிறகே உறுதியாகும் தேதிகள். இவற்றுக்குள்ளும் நான் அறியாதிருந்த ஒரு வேறுபாடு இருந்தது. நோன்புப் பெருநாள் இஸ்லாமிய மாதத்தின் முதல் நாளில் வருவதால், அது நாளையா நாளை மறுநாளா என்பது முந்தைய இரவில்தான் தெரியும். ஹஜ்ஜுப் பெருநாளோ மாதத்தின் பத்தாம் நாளில் வருவதால், பிறை அறிவிப்புக்குப் பிறகு நமக்கு ஒன்பது, பத்து நாள்கள் கிடைக்கின்றன. ஆகவே முதலாவதற்கு இரண்டு நாள்களுக்கும் பொருந்தும்படி திட்டமிட வேண்டும். இரண்டாவதற்கு அறிவிப்பு வரும்வரை தேதியைத் திறந்து வைத்தாலே போதும்.

புதிய நாட்காட்டியில் ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வரி வைத்தேன். தேதி, அது எந்த வகை, பயனுள்ள கடைசி மடல் என்று போக வேண்டும், எந்த நாள் முதல் எந்த நாள் வரை விற்பனை மடல் எதுவும் அனுப்பக் கூடாது என்பவை அந்த வரியில் இருக்கும். பிறை பார்த்து முடிவாகும் நாள் என்றால், மௌன இடைவெளி இரண்டு சாத்திய நாள்களையும் சேர்த்தே குறிக்கப்படும். மடலின் வாசகத்தில் ‘இன்று’, ‘நாளை’ என்ற சொற்கள் வராது. அனுப்பும் நேரத்தையும் அந்தந்த நாட்டு நேரப்படியே குறிக்கிறேன். முன்பு ஒரே பொது நேரத்தில் குறித்திருந்ததால்தான், மார்ச் 30 அன்று பிரிட்டனில் 9 மணிக்குப் போக வேண்டியது 10 மணிக்குப் போனது.

பயனுள்ள கடைசி மடலின் நாளைக் கண்டுபிடிப்பதுதான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. சவூதிக்கு எங்கள் பொருள் போய்ச் சேர ஐந்து வேலை நாள்கள் ஆகும். பெருநாள் 31 என்று எண்ணி, வார விடுமுறையையும் மறந்து, மார்ச் 25 வரை ஆர்டர் செய்யலாம் என்று அறிவித்திருந்தோம். சரியான கணக்கு வேறு: முந்தைய சாத்தியமான 30ஆம் தேதியைக் கொள்ள வேண்டும். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை என்பதால் 28, 29 கழிந்துவிடும். கடைசியாக விநியோகிக்கக்கூடிய நாள் 27, வியாழன். அதிலிருந்து ஐந்து வேலை நாள்களைப் பின்னோக்கி எண்ணினால், 20ஆம் தேதிதான் ஆர்டருக்குக் கடைசி நாள். அப்படியானால் நினைவூட்டல் 17, 18 வாக்கில் போயிருக்க வேண்டும். அதற்குப் பிறகு அனுப்பிய ஒவ்வொரு மடலும், எங்களால் காப்பாற்ற முடியாத ஒரு வாக்குறுதியாகவே இருந்திருக்கிறது.

தானியங்கி மடல்களை யாரும் நாட்காட்டியில் எழுதுவதில்லை. தொந்தரவு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. முதலில் மௌன நாள்களில் அவற்றை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். மீண்டும் திறந்ததும், தேங்கியிருந்தவை அனைத்தும் ஒரே நேரத்தில் வெளியேறின. ஒரே நபருக்குச் சில நிமிடங்களில் இரண்டு மடல்கள் போயின. இப்போது மௌன இடைவெளியில் சேரும் மடல், அது முடிந்தபின் சில மணி நேரத்தில் பரவலாக வெளியேறும். 48 மணி நேரத்துக்கு மேல் பழையதானால் அனுப்பாமலே விடப்படும். ஆர்டர் உறுதி, பொருள் வருகை பற்றிய தகவல் ஆகியவற்றுக்கு இந்தத் தடை கிடையாது.

யாருக்கு வாழ்த்து அனுப்புவது என்பதில் நான் இன்னும் கண்டிப்பாகிவிட்டேன். ஒருவர் பெயரையோ நாட்டையோ வைத்து அவர் மதத்தை ஊகிப்பது தவறு; ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கையைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவலாகவே வைத்திருக்கிறது. எனவே எந்தப் பண்டிகைகளைப் பற்றி மடல் வேண்டும் என்று நேரடியாகக் கேட்கிறோம். அன்னையர் தினத்துக்கு முன், இவ்வாண்டு அதைப் பற்றிய மடல்கள் வேண்டாம் என்றால் ஒரு சொடுக்கில் சொல்லிவிடலாம் என்று தனி மடல் அனுப்புகிறோம். பிரிட்டனின் புளூம் அண்ட் வைல்ட் என்ற மலர் நிறுவனம் 2019இல் செய்த ஏற்பாடு இது. தாயை இழந்த ஒருவருக்கு அந்த வாரம் எப்படி இருக்கும் என்பதை நினைத்தால், இதைவிடக் குறைவாகச் செய்ய எனக்கு மனமில்லை.

எது பலித்தது என்பதைத் திறப்பு விகிதத்தை வைத்து நான் பார்ப்பதில்லை. மடலிலுள்ள படம் இறங்குவதை வைத்தே அது திறக்கப்பட்டதாகக் கணக்கிடுகிறார்கள். 2021 முதல் ஆப்பிளின் அஞ்சல் செயலி படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், படிக்காத மடலும் திறந்ததாகக் கணக்கில் வரக்கூடும். சொடுக்குகள், விலகல்கள், ஸ்பேம் புகார்கள் ஆகிய மூன்றையும் பார்க்கிறேன். அதிக அளவில் அனுப்புவோரின் புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக் கூடாது என்பது 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலின் விதி. எங்கள் விகிதம் அதை நெருங்குகிறதா என்பதைப் பண்டிகை வாரங்களில் தினமும் கவனிக்கிறேன்.

புதிய முறையின் முதல் சோதனை அவ்வாண்டின் ஹஜ்ஜுப் பெருநாள். மே மாத இறுதியில் அறிவிப்புகள் வந்தன: சவூதியில் ஜூன் 6, இந்தியாவிலும் மலேசியாவிலும் ஜூன் 7. ஆர்டர் நாளைப் பற்றிய நினைவூட்டல்கள், இருக்கக்கூடிய முந்தைய தேதியைக் கொண்டு ஏற்கெனவே போயிருந்தன. அறிவிப்புகள் வந்ததும் நான் செய்ய வேண்டியிருந்தது, மூன்று வரிகளில் தேதியை நிரப்புவதும் வாழ்த்துகளை விடுவிப்பதும் மட்டுமே. இந்த முறை விலகல்கள் சாதாரண வாரத்தின் அளவைத் தாண்டவில்லை. சவூதியிலிருந்து வந்த இரண்டு பதில்களும் பதில் வாழ்த்துகளாக இருந்தன.