700 மணி நேரம் ஓடும் டிராக்டர்

கூட்டுறவு வங்கியில் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருந்தபோது, டிராக்டர் கடன் கேட்டு ஒரு விவசாயி எழுதிய கடிதம் என் மேசைக்கு வந்தது. இப்படிப்பட்ட கடிதங்களில் குடும்பக் கஷ்டம் ஒரு பக்கம் இருக்கும். இவர் கடிதத்தில் அது ஒரு வரிகூட இல்லை. "ஐயா, வண்டியை வாடகைக்கு ஓட்டுவதாக வைத்து 8 வருடத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். 12 சதவீத வட்டியில் கழித்துப் பார்த்தாலும் நிகர நிகழ்கால மதிப்பு லாபத்தில்தான் நிற்கிறது" என்று எழுதி, பின்னால் ஒரு தாளும் இணைத்திருந்தார். வரப்போகும் பணத்தை வட்டிக்கு ஏற்ப இன்றைய மதிப்புக்குக் குறைத்து, அதிலிருந்து இன்று போடும் பணத்தைக் கழித்தால் நிற்பதுதான் நிகர நிகழ்கால மதிப்பு.

தொகைகளை எளிதாக்க, ரோட்டவேட்டரோடு சேர்த்து வண்டியின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். 10 மணி நேரம் வாடகைக்கு ஓடினால் 1 வரும். டீசல், டிரைவர் கூலி, பழுது மூன்றுக்கும் வரவில் 55 சதவீதம் போய்விடும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் காப்பீடு, பராமரிப்பு என்று வருடம் 3 செலவு. 8 வருடம் கழித்து விற்றால் 30 கிடைக்கும். இதில் எதிலும் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. வருடத்துக்கு 700 மணி நேரம் என்று போட்டிருந்ததில்தான் இருந்தது.

அவர் கணக்குப்படி வருட வரவு 70. செலவெல்லாம் போக 28.5 மிச்சம். அந்த 8 வருட மிச்சத்தையும் கடைசியில் விற்கும் 30-ஐயும் 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, விலையான 100-ஐக் கழித்தால் 54 லாபம் நிற்கும். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. வருட மிச்சத்திலிருந்து கடன் வட்டியையும் அவர் கழிக்கவில்லை, அதுவும் சரிதான். 12 சதவீதத்தில் கழிக்கும்போதே வட்டி உள்ளே வந்துவிடுகிறது. வங்கிக்காரர்களே இதில் இரண்டு முறை கழித்து நல்ல விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன்.

700 எப்படி வந்தது என்று கேட்டேன். உழவு நேரத்தில் வண்டிக்கு ஆட்கள் வரிசையில் நிற்பார்களாம். உண்மைதான், ஆனால் எல்லோருக்கும் அதே வாரத்தில்தான் வண்டி வேண்டும். வருடத்தில் இரண்டு பருவம், பருவத்துக்கு 35 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மொத்தமே 560. மழையில் நிற்கும் நாள், பழுது, சொந்த வயலில் ஓடும் நேரம், ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போகும் நேரம் எல்லாம் போனால் வாடகைக்கு 450-தான் தேறும். 450-இல் கணக்கு தலைகீழாகிவிடுகிறது: நிகர நிகழ்கால மதிப்பு 2 நஷ்டம்.

வாடகைக்கு வரப்போகிறவர்களின் பட்டியல் ஒன்று கேட்டேன். யாருடைய நிலம், எவ்வளவு, எந்த மாதம், இப்போது யார் உழுகிறார். அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். ஏற்கெனவே வேறொரு வண்டிக்காரருக்கு வாடிக்கையாக இருப்பவர் வாயால் 'வருகிறேன்' என்பதை முழு மணி நேரமாக எண்ண முடியாது. பட்டியல் வந்தபோது 450 ஏறக்குறைய சரியாக இருந்தது.

அப்புறம் பட்டியலில் இல்லாத ஒரு ஆளைப் பற்றிப் பேச்சு வந்தது: அவரே. சொந்த நிலத்துக்கு வருடம் 60 மணி நேரம் வெளி வண்டிக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருந்தார். இனி அந்தப் பணம் மிச்சம், ஆனால் வரவாக அவர் கணக்கில் எழுதவே இல்லை. அந்த மணி நேரங்களுக்கான ஓட்டச் செலவு போக அதைச் சேர்த்தால் வருட மிச்சம் ஏறக்குறைய 20, நிகர நிகழ்கால மதிப்பு 11 லாபம். 54 எங்கே, 11 எங்கே? ஆனாலும் எனக்கு 11-தான் பிடித்திருந்தது, அதன் பின்னால் பட்டியல் இருந்தது.

கடன் கொடுக்க அது மட்டும் போதாது. வண்டி 8 வருடத்தில் தன் விலையை மீட்கும் என்றுதான் அந்த 11 சொல்கிறது. தவணை அந்தந்த வருடம் கட்ட வேண்டியது. அவர் கையிலிருந்து 15 போட்டு, 85-ஐ 5 வருடக் கடனாகக் கேட்டிருந்தார். அப்படியானால் வருடத் தவணை 23.6, வருவதோ 20. லாபமான வண்டியை வைத்துக்கொண்டே முதல் வருடத்திலேயே பாக்கி விழும். 7 வருடமாக்கினால் தவணை 18.6. கட்டிவிடலாம், ஆனால் இடைவெளி மிகக் குறைவு. பக்கத்தில் இன்னொரு டிராக்டர் வந்து 40 மணி நேரம் குறைந்தால் அதுவும் போய்விடும்.

அதனால் கடிதத்தைத் திருத்தி எழுதச் சொன்னேன். 450 மணி நேரமும் பட்டியலும் முதல் பக்கத்தில், சொந்த உழவின் 60 தனி வரியாக, கடன் காலம் 7 வருடம், தவணை மாதாமாதம் இல்லாமல் அறுவடைக்குப் பிறகு வருடம் இரண்டு. 'வாடகையைப் பிறகு தருகிறேன் என்பவருக்கு உழுதால் பணம் எப்போது வரும்' என்று ஒரு வரியும் சேர்க்கச் சொன்னேன். அறுவடை முடிந்துதான் என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்து முதல் தவணைத் தேதியை அறுவடையிலிருந்து ஒரு மாதம் தள்ளி வைத்து, கடனை முடிவு செய்யும் குழுவுக்கு அனுப்பினோம்.