அம்மாவின் உயிலும் அதன்மேல் எழுந்த சந்தேகமும்

என் தாயார் மயிலாப்பூரில் தாம் வாங்கிய வீட்டை எனக்கே எழுதிவைத்து, என்னையே உயிலின் நிறைவேற்றுநராகவும் நியமித்திருந்தார். அவர் காலமான பின் சென்னை உயர் நீதிமன்றத்தில், உயில் மெய்யானது என்று நீதிமன்றம் உறுதிசெய்து தரும் புரொபேட் கோரி மனுச் செய்தேன். தன்னைக் கேட்காமல் புரொபேட் வழங்கக் கூடாது என்று அண்ணன் கேவியட் தாக்கல் செய்து ஆட்சேபித்ததால் மனு உரிமையியல் வழக்காக மாறியது. பதிவு செய்த உயில்தானே, பொய் என்று சொல்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று நான் நம்பியிருந்தேன்.

அது தவறு என்று வழக்கறிஞர் விளக்கினார். உயிலை முன்வைப்பவர் அது முறைப்படி எழுதப்பட்டதை நிரூபிப்பதோடு, அதைச் சூழ்ந்த சந்தேகங்களையும் நீக்க வேண்டும் என்பது 1958-இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய நெறி. மோசடி, வற்புறுத்தல் என்று குற்றம் சாட்டுபவர் அதை நிரூபிக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அவர் அதில் தோற்றாலும் எங்கள் பொறுப்பு குறையாது. பதிவு ஒரு துணைச் சான்று மட்டுமே.

எங்கள் உயிலில் சந்தேகம் மூன்று இடத்தில் இருந்தது. கையெழுத்து நடுங்கியிருந்தது; அம்மாவைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றவன் பலன் பெறும் நானே; அண்ணனுக்கு ஏன் ஒன்றும் இல்லை என்பதற்கு உயிலில் ஒரு வரிகூட இல்லை.

சான்றொப்பமிட்ட இரு சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார். இன்னொருவரான பக்கத்து வீட்டு மாமா சாட்சிக் கூண்டில் ஏறி, அம்மா கையெழுத்திடுவதைத் தாமும் மற்றவரும் பார்த்ததையும், பிறகு அவர் முன்னிலையில் தாங்கள் கையெழுத்திட்டதையும் சொன்னார். இந்த இரண்டில் ஒன்றை அவர் தவறவிட்டிருந்தால் வழக்கு அங்கேயே தளர்ந்திருக்கும். நடுக்கத்துக்கு, அதே காலத்தில் அம்மா வங்கியில் பணம் எடுத்த சீட்டுகளைக் காட்டினோம். "ல"வின் சுழி அவற்றிலும் அதேபோல் இரண்டாக உடைந்திருந்தது. தெளிவான நினைவோடு இருந்தார் என்பதற்கு அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் சாட்சி சொன்னார்.

என் பங்கைப் பற்றிய சந்தேகமே எனக்கு மிகவும் வலித்தது. அதை நீக்கியவர் ஆவண எழுத்தர். அம்மா என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாகத்தான் விவரம் சொன்னார் என்றும், வாசித்துக் காட்டியபோது வீட்டு எண்ணில் இருந்த பிழையை அவரே திருத்தினார் என்றும் குறுக்கு விசாரணையிலும் மாறாமல் சொன்னார். அண்ணனுக்கு முன்பே ஒரு மனையைத் தான செட்டில்மெண்டாக அம்மா பதிவு செய்து கொடுத்திருந்த பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் தாக்கல் செய்தோம். அதை உயிலிலேயே குறிப்பிட்டிருந்தால் பாதி விசாரணை தேவைப்பட்டிருக்காது.

வற்புறுத்தினேன் என்ற குற்றச்சாட்டுக்கு அண்ணன் தரப்பில் எந்தச் சான்றும் வரவில்லை. எனினும் தீர்ப்பு அதை மட்டும் நம்பி நிற்கவில்லை. மூன்று சந்தேகங்களையும் தனித்தனியே எடுத்து, எங்கள் விளக்கம் நீதிமன்றத்தின் மனசாட்சிக்கு நிறைவளிக்கிறது என்று கண்ட பிறகே புரொபேட் வழங்க உத்தரவிட்டது.