மறுகாலில் இருந்து இருபத்துநாலு விநாடி

ஜனவரி 18, 2025, சனி

தக்கலைப் பக்கத்து எங்கள் ஊர் ஆவணப்படத்துக்கு ட்ரோன் ஷாட் பட்டியல் போட உட்கார்ந்தோம். முதலில் பதினேழு ஷாட் எழுதியிருந்தேன். டீச்சரக்கா (பின்னணிக் குரல் அவர்தான்) ஒவ்வொன்றையும் காட்டி, “இதுக்கு மேல நான் என்ன பேசணும்?” என்று கேட்டார். பதினொன்றுக்கு என்னிடம் பதில் இல்லை. அடித்துவிட்டேன். மிச்சம் ஆறு.

அந்த ஆறில் முக்கியமானது மறுகால் ஷாட். மேல்குளம் நிறைந்தால் மறுகாலில் வழிந்து, தென்னந்தோப்புக்குள் ஓடையாக இறங்கி, கீழ்க்குளத்தில் சேரும். அங்கிருந்து மடை வழியாக ஏலாவுக்கு, அதாவது வயலுக்கு. தரையில் நின்றால் இரண்டு குளத்தையும் சேர்த்துப் பார்க்க முடியாது, நடுவே தென்னை. ட்ரோன் தேவைப்படுகிற இடம் இதுதான். மற்றதெல்லாம் கொஞ்சம் ஆசை.

நம்முடையது 250 கிராமுக்குள் அடங்கும் நானோ வகை. 2021 ட்ரோன் விதிகளின்படி இதற்கு பைலட் சான்றிதழ் வேண்டாம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் ஊர் பச்சைப் பகுதியில்தான் வருகிறது. அங்கே 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை போகலாம். நமக்கு அதில் மூன்றில் ஒரு பங்குகூட வேண்டாம்.

ஜனவரி 19, ஞாயிறு

சும்மா பறக்கவிட்டுப் பார்த்தோம். ஏலா வரப்பில் இருந்து கிளம்பி மெதுவாக ஏற்றினேன். அத்தை மகன் பக்கத்தில் நின்று ட்ரோனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வேலை அது ஒன்றுதான், திரையைப் பார்க்கக் கூடாது. திரையில் H 24 மீட்டர் காட்டும்போது தென்னங்கொண்டைகளுக்கு மேலே கீழ்க்குளம் பளிச்சென்று தெரிந்தது. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

நீர்ப்பரப்புக்கு மேல் மிகத் தாழ்வாகப் போனால் வண்டி தடுமாறுகிறது. அடியில் இருக்கிற சென்சார் தரையின் அடையாளங்களைப் பார்த்துத்தான் நிலையாக நிற்கும். அலை அசையும்போது எது தரை என்று அதற்குக் குழப்பம். இரண்டு மீட்டரில் நிறுத்திப் பார்த்தேன், பக்கவாட்டில் மெல்ல நழுவியது. அதனால் ஷாட் எட்டு மீட்டரில் இருந்து தொடங்கும்.

ஜனவரி 21, செவ்வாய்

இன்று சொதப்பல். குளக்கரையில் நிழல் இருந்ததால் அங்கிருந்து கிளப்பினேன். கீழ்க்குளம் 24-இல் தெரிய வேண்டியது, 19-லேயே தெரிந்துவிட்டது. ட்ரோனில் ஏதோ கோளாறு என்று ஒரு மணி நேரம் குடைந்தோம். கோளாறு எனக்குத்தான். திரையில் காட்டும் உயரம் கிளம்பிய இடத்தில் இருந்து கணக்கு. கரை வரப்பைவிட ஐந்து மீட்டர் மேடு. எண் அதேதான், உயரம் வேறு.

வரப்பில் ஒரு கல்லைப் பதித்துச் சுண்ணாம்புக் குறி போட்டாயிற்று. இனி அங்கிருந்து மட்டும்தான் கிளம்பும். சிக்னல் விட்டுப்போனால் தானாகத் திரும்பும் உயரத்தையும் 40 மீட்டருக்கு மாற்றினேன். தென்னை உயரத்துக்குக் கீழே அது இருந்தால், திரும்புகிற வழியில் நேரே ஓலையில் போய் மாட்டும்.

ஜனவரி 22, புதன்

டீச்சரக்கா வீட்டுத் திண்ணையில் கணக்கு. அவர் நிதானமாக வாசித்தால் பத்து விநாடிக்குப் பதினைந்து சொல் வருகிறது. நான் எழுதிக் கொடுத்திருந்தது இப்படி: “கீழே இருக்கிற அடுத்த குளத்துக்குத் தண்ணீர் போவது இந்த மறுகால் வழியாகத்தான்.” ‘அடுத்த குளம்’ என்ற சொல் இரண்டாவது விநாடியிலேயே வந்துவிடுகிறது. அப்போது திரையில் இருப்பது மறுகால் கல்லும் பாசியும்.

எட்டில் இருந்து 32 மீட்டர் வரை, விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வீதம் ஏறினால் பதினாறு விநாடி. 24-ஐத் தொடும்போது பதினோராவது விநாடிக்குப் பக்கம். குளம் தெரிந்த பிறகுதான் சொல் விழ வேண்டும். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டோம்:

“இந்தக் குளம் நிறைந்தால் தண்ணீர் வழிகிற இடம் இதுதான், மறுகால் என்பார்கள். இதில் வழிவது வீணாவதில்லை; தென்னந்தோப்புக்குள் இறங்கி, ஓடையாக ஓடி, கீழே இருக்கிற அடுத்த குளத்தில் சேர்கிறது.”

இருபத்தொரு சொல், பதினாலு விநாடி. ‘அடுத்த குளத்தில்’ பன்னிரண்டு, பதின்மூன்றில் விழுகிறது. கண் பார்த்து ஒன்றரை விநாடி கழித்துக் காது கேட்கிறது. வினைச்சொல் கடைசியில் வருகிற மொழியில் பேசுவதில் இப்படி ஒரு வசதி!

ஏறுவதற்கு முன் நாலு விநாடி, ஏறிய பின் நாலு விநாடி அசையாமல் நிற்க வேண்டும். ஆக 24. முன்னால் வருகிற நாலு விநாடியை எடிட்டிங்குக்காகத்தான் வைத்தேன். அத்தை மகன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். அந்த நேரத்தில் கீழே, மேலே, பக்கத்தில் எல்லாம் பார்த்து “சரி” என்பான். சொல்லாவிட்டால் நான் ஏற்றக் கூடாது. நல்ல ஏற்பாடு, எழுதி ஒட்டிவிட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். படித்துறையில் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி கையை ஆட்டி, “மக்களே, நாங்க ஏறிப் போனதுக்கு அப்புறம் அதைப் பறக்க விடு” என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மறுகாலில் இருந்து ஏறும்போது படித்துறை ஃபிரேமின் ஓரத்தில் விழும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. எட்டு மணிக்குப் படித்துறை காலியாகிறது, ஒன்பதுக்கு மேல் காற்று கிளம்புகிறது. கையில் இருப்பது ஒரு மணி நேரம்தான்.

எட்டே காலுக்குக் கிளப்பினோம். மூன்று மீட்டரில் பதினைந்து விநாடி நிறுத்தி, நழுவுகிறதா என்று பார்த்தேன். சரியாக நின்றது. எட்டு மீட்டருக்குப் போனோம். நாலு விநாடி. “சரி” வரவில்லை. “நில்லு, பருந்து” என்றான். செம்பருந்து ஒன்று தோப்புக்கு மேலே வட்டமிட்டுக்கொண்டே நெருங்கி வந்தது. பருந்து மேலிருந்து பாய்வதில் வேகம், செங்குத்தாக ஏறுவதில் அவ்வளவு இல்லை. அதனால் நேரே மேலே ஏற்றி, தோப்பை விட்டு விலக்கி, கல்லுக்கே கொண்டுவந்து இறக்கினேன். அரை மணி நேரம் சும்மா இருந்தோம். அதற்குள் ஓலை ஆடத் தொடங்கிவிட்டது. தரையில் தென்றல் மாதிரி இருக்கிற காற்று தென்னைக்கு மேலே தள்ளுகிற காற்றாகிவிடும். பெட்டியை மூடினோம்.

ஜனவரி 25, சனி

கிடைத்துவிட்டது. மூன்று தடவை எடுத்ததில் இரண்டாவது. முதலாவதில் ஏறும்போது என் கட்டைவிரல் நடுங்கி ஷாட் நடுவில் ஒரு வெட்டு. மூன்றாவது நன்றாக வந்துகொண்டிருந்தது. இருபதாவது மீட்டரில், பட்டம் என்று நினைத்து இரண்டு பொடியன்கள் ட்ரோனுக்கு அடியில் ஓடி வந்துவிட்டார்கள். அப்படியே நிறுத்தி, அவர்கள் போகும் வரை அசைக்காமல் வைத்திருந்தேன். பேட்டரி 35 சதவீதத்துக்கு வந்ததும் இறக்கிவிட்டேன். மூன்றாவது ஷாட் போச்சு, பரவாயில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

குரலைச் சேர்த்து, மடை பார்க்கிற பாட்டாவிடம் போனில் காட்டினோம். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். “கொள்ளாம். ஆனா மறுகால் காஞ்சுல்லா கிடக்கு?”

ஆமாம். கும்பப்பூ நெல் அறுவடை நேரம், குளம் பாதிதான் இருக்கிறது. வழிகிற இடம் என்று அக்கா சொல்லும்போது திரையில் ஒரு சொட்டு வழியவில்லை. ‘நிறைந்தால்’ என்று ஒரு சொல் இருப்பதால் பொய் ஆகவில்லை, அவ்வளவுதான். இத்தனை நாள் அதே கல்லை உற்றுப் பார்த்த எங்கள் மூன்று பேருக்கும் இது தோன்றவில்லை.

“ஐப்பசி மழையில வா. சத்தமே ஊருக்குள்ள கேக்கும்” என்றார் பாட்டா.

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: சுண்ணாம்புக் கல், 8-இல் இருந்து 32, ஒன்றரை மீட்டர் வேகம், காலை எட்டுக்கு மேல், ஐப்பசி. முன்னால் இருக்கிற நாலு விநாடியை எட்டாக்க வேண்டும், தண்ணீர்ச் சத்தத்துக்கு. அந்தச் சத்தத்தை ட்ரோனில் பிடிக்க முடியாது, ரெக்கார்டரோடு ஒருவர் மறுகாலில் தனியாக உட்கார வேண்டும். அத்தை மகன் இப்போதே சொல்லிவிட்டான், அட்டை கடிக்குமென்று அவன் வர மாட்டானாம்.